இரவில் ஒரு பெரிய டம்ளர் பால்

"எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. ஆறு மாதத்துக்கு முன் ஒரு முகாமில் எலும்பு வலுவிழந்திருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து தினமும் இரவு படுக்கும் முன் பெரிய டம்ளர் நிறையப் பால் குடிக்கிறேன். அரை லிட்டர் பாக்கெட்டில் பாதிக்கு மேல் என் டம்ளருக்கே போகிறது. ஒரு மணி நேரத்தில் வயிறு மத்தளம்போல் ஊதி, களகளவென்று சத்தம் போடுகிறது. சில நாள் வயிற்றுப்போக்கும் ஆகிறது. காலையிலும் மாலையிலும் குடிக்கும் காபியால் ஒன்றும் ஆவதில்லை. தயிர்சாதமும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு கல்யாணத்தில் பால் பாயசம் சாப்பிட்டு மிகவும் அவதிப்பட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, 'இது பால் அலர்ஜி, தயிர் மோர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்து' என்கிறார். மகன் லாக்டோஸ் இல்லாத பால் வாங்கி வந்தான். அது இனிக்கிறது. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் பயந்து விட்டுவிட்டேன். சிறு வயதில் சொம்பு சொம்பாகப் பால் குடித்தவள் நான். இப்போது மட்டும் ஏன் இப்படி? பாலை விட்டால் என் எலும்பு என்ன ஆகும்?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த அரை லிட்டர் பாக்கெட் கணக்குதான். என்னிடம் வருபவர்களிடம், "பால் குடிக்கும் டம்ளரை அடுத்த முறை எடுத்து வாருங்கள்" என்று சொல்வது என் வழக்கம். தண்ணீர் நிரப்பி அளந்து பார்ப்பேன். "ஒரு டம்ளர்" என்று ஒருவர் சொன்னது 120 மில்லியாக இருக்கும். இன்னொருவர் சொன்னது 350 மில்லியாக இருக்கும். உங்களுடையது ஏறக்குறைய 300 மில்லி என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்விகள் பலவற்றுக்கு விடை அந்த அளவிலேயே இருக்கிறது.

பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். பசும்பால், எருமைப்பால் இரண்டிலும் 100 மில்லிக்குச் சுமார் 5 கிராம் இருக்கும். குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு சிறிய சர்க்கரைகள் பிணைந்ததுதான் லாக்டோஸ். இப்படிப் பிணைந்த நிலையில் அது இரத்தத்துக்குள் போக முடியாது. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள லாக்டேஸ் என்ற நொதி அதை இரண்டாக வெட்டிய பிறகே உடல் அதை ஏற்கும். நொதி குறைவாக இருந்தால், வெட்டப்படாத லாக்டோஸ் முதலில் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். நீங்கள் கேட்கும் களகளச் சத்தத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் இதுதான் காரணம். பிறகு அது பெருங்குடலை அடையும். அங்கே கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று நொதிக்கச் செய்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் ஆகிய வாயுக்களை வெளிவிடும். வயிறு ஊதுவது இதனால்தான். பால் பெருங்குடலை எட்டச் சற்று நேரம் பிடிப்பதால் தொந்தரவு பெரும்பாலும் அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் வரும். உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் வருவது இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

இது அலர்ஜி அல்ல

பால் அலர்ஜி என்பது பாலில் உள்ள புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக நினைத்துத் தாக்குவது. அதில் தோல் தடித்து அரிக்கும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் பார்க்கிறோம். மிகச் சிறிய அளவு பாலும் அவர்களுக்கு ஆபத்தாகலாம். உங்களுக்கு அலர்ஜி இருந்தால் தினமும் இரண்டு வேளை காபியும் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வகுப்பெடுக்க முடியாது. அக்கா அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொன்னபடி தயிரையும் மோரையும் நிறுத்தினால், உங்களுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும் சுண்ணாம்புச் சத்தையே முதலில் இழப்பீர்கள்.

உங்களுக்கு இருப்பதுபோல் லாக்டோஸ் சரியாகச் செரிக்காத நிலையில் பால் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, ஒரே நேரத்தில் எவ்வளவு, எதோடு சேர்த்து என்பதுதான் முக்கியம். லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய சிரமமின்றித் தாங்குகிறார்கள். இப்போது உங்கள் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு காபியில் 80 மில்லி பால் என்றால் 4 கிராம் லாக்டோஸ். காலையில் 4, மாலையில் 4. இடையில் பல மணி நேரம் இருக்கிறது. உங்களிடம் மீதமிருக்கும் நொதிக்கு இது சிறிய வேலை. இரவு டம்ளரிலோ ஒரே மூச்சில் 15 கிராம் உள்ளே போகிறது. அதுவும் சாப்பிட்டு வெகு நேரம் கழித்துப் படுக்கும் முன் குடிப்பதால், வேறு உணவு கலக்காத பால் இரைப்பையிலிருந்து விரைவாகச் சிறுகுடலுக்கு இறங்கிவிடுகிறது. நொதிக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

பால் பாயசத்தின் கணக்கும் இதுவே. பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது, லாக்டோஸ் முழுவதும் பாத்திரத்திலேயே நிற்கிறது. அப்படிச் சுண்டிய பாயசம் 150 மில்லிக் கிண்ணத்தில் 300 மில்லி பாலின் லாக்டோஸைச் சுமந்திருக்கும். பால்கோவா இன்னும் செறிவானது. பால் பவுடர் சேர்த்த இனிப்புகளும் அப்படித்தான்.

சிறு வயதில் குடித்தது இப்போது ஏன் முடியவில்லை

ஆறு மாதத்துக்கு முன் உங்கள் குடலில் ஏதோ கெட்டுப்போனதுபோல உங்களுக்குத் தோன்றுகிறது. நடந்திருப்பது வேறு என்று நினைக்கிறேன். பாலூட்டும் உயிரினங்கள் எல்லாவற்றிலும் தாய்ப்பால் பருவம் முடிந்த பிறகு லாக்டேஸ் நொதி குறைவதுதான் இயற்கை. மனிதர்களில் சிலருக்கு மட்டும், மரபணுவில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றத்தால் அது ஆயுள் முழுவதும் குறையாமல் நீடிக்கிறது. ஐரோப்பியர்களிடம் அந்த மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வட ஐரோப்பியர்களிடம் அது மிகப் பரவலாக இருக்கிறது. இந்தியாவில் வடக்கிலும் வடமேற்கிலும் ஓரளவு அதிகம், தெற்கே வர வரக் குறைவு. எனவே தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நொதி குறைந்திருப்பது சாதாரணமான உடல்நிலை. அதை நோய் என்று நினைக்க வேண்டியதில்லை.

உங்களுக்கும் நொதி பள்ளிப் பருவத்திலேயே மெல்லக் குறைந்திருக்கும். இத்தனை ஆண்டுகள் காபி, தயிர், மோர் என்று சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டதால் அது வெளியே தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு முன் மாறியது நீங்கள் குடிக்கும் அளவு.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். கடுமையான வயிற்றுப்போக்கு, ஜியார்டியா போன்ற தொற்று, சிறுகுடல் சுவரைப் பாதிக்கும் சில நோய்கள் ஆகியவற்றுக்குப் பிறகும் லாக்டேஸ் திடீரெனக் குறையலாம். குடல் சுவர் ஆறியதும் சில வாரங்களிலோ மாதங்களிலோ நொதி திரும்பிவிடும். அந்தச் சமயத்தில் உங்களுக்கு அப்படி ஏதாவது வந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

தயிர் மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது

உறை ஊற்றியதும் லாக்டோஸ் முழுவதும் மறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தயிரை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத்தான் புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. 100 கிராம் தயிரில் இன்னும் 3 முதல் 4 கிராம் வரை மிச்சம் இருக்கும். தயிரின் பலம் அந்த பாக்டீரியாக்களிடமே இருக்கிறது. லாக்டோஸை வெட்டும் நொதியை அவை தம் உடலுக்குள் வைத்திருக்கின்றன. இரைப்பையின் அமிலத்திலிருந்து அந்த நொதியை அவற்றின் செல்சுவர் காக்கிறது, தயிரும் அமிலத்தின் வீரியத்தைச் சற்றுத் தணிக்கிறது. சிறுகுடலுக்குப் போனதும் பித்தநீர் பட்டு அந்தச் சுவர் தளர்கிறது. உள்ளே இருந்த நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. உங்கள் குடலில் இல்லாத நொதியைத் தயிர் தன் கையோடு கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக இருப்பதாலும் சோற்றோடு சேர்வதாலும் அது இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குவது கூடுதல் நன்மை.

ஆகவே தயிர் உயிரோட்டமாக இருக்க வேண்டும். வீட்டில் உறை ஊற்றிய தயிர் சிறந்தது. நன்றாக உறைந்த பிறகு சாப்பிடுங்கள். உறைந்தும் உறையாமலும் இருக்கும் தயிரில் லாக்டோஸ் அதிகம். மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டால் பாக்டீரியாவும் நொதியும் வெப்பத்தில் செயலிழக்கும். சோற்றில் ஊற்றும் அளவு குறைவு என்பதால் அதுவும் பெரும்பாலோருக்குச் சிக்கல் தராது. மோர், தண்ணீர் சேர்த்துப் பெருக்கியது. ஒரு டம்ளரில் லாக்டோஸ் மிகக் குறைவு.

ஆசிரியை என்பதால் உங்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் தயிர்சாதம் புளிக்காமல் இருக்க, நம் வீடுகளில் சாதத்தைப் பால் ஊற்றிக் குழையப் பிசைந்து மேலே ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்ப்பார்கள். பன்னிரண்டரை மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது அது பாதிதான் தயிராகியிருக்கும். "வீட்டில் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை, பள்ளியில் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது" என்று என்னிடம் சொன்ன ஒருவருக்கு இதுதான் காரணமாக இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் நேர்ந்தால் பாலின் அளவைக் குறைத்துத் தயிரைக் கூட்டிப் பாருங்கள்.

லாக்டோஸ் இல்லாத பால் ஏன் இனிக்கிறது

மகன் வாங்கி வந்த பாலில் சர்க்கரை சேர்த்திருக்க வேண்டியதில்லை. சாதாரணப் பாலில் லாக்டேஸ் நொதியைச் சேர்த்து, உங்கள் குடல் செய்ய வேண்டிய வெட்டும் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். லாக்டோஸுக்கு இனிப்பு மிகக் குறைவு. வெட்டப்பட்டுக் கிடைக்கும் குளுக்கோஸுக்கும் காலக்டோஸுக்கும் இனிப்பு அதிகம். 100 மில்லியில் இருந்த அதே 5 கிராம்தான் இப்போது நாக்குக்குத் தித்திப்பாகத் தெரிகிறது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சாதாரணப் பாலில் உள்ள அளவே இருக்கும். அட்டையில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றிருந்தால் அந்த இனிப்பு பாலுக்குச் சொந்தமானது. பாதாம், சாக்லேட் வாசனை சேர்த்த வகைகளில் சர்க்கரை இருக்கும், அவை உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் எல்லைக்கோட்டில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செரிக்காத பாலில் இருந்த சர்க்கரையின் ஒரு பங்கு இதுவரை உங்கள் இரத்தத்துக்குப் போகாமல் பெருங்குடலில் வாயுவாகிக்கொண்டிருந்தது. லாக்டோஸ் இல்லாத பாலில் அது முழுவதும் இரத்தத்துக்குப் போகும். பயப்படும் அளவு அல்ல. ஆனால் 300 மில்லி என்றால் 15 கிராம் மாவுச்சத்தாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 200 மில்லி போதும். அதையும் தனியாகக் குடிக்காமல், இரவு உணவோடு சேர்த்துக்கொண்டு ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாலிலும் காபி போடலாம், உறை ஊற்றலாம். காய்ச்சும்போது சற்றுச் சீக்கிரம் பழுப்பேறும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. லாக்டேஸ் மாத்திரையும் கிடைக்கிறது. கல்யாண விருந்தில் பாயசம் சாப்பிடும் ஆசை இருந்தால் முதல் வாயோடு அதை விழுங்க வேண்டும். வயிறு ஊதிய பிறகு போட்டால் பயன் இல்லை.

நாட்டு மாட்டுப் பால், ஆட்டுப் பால், ஆடை நீக்கிய பால் ஆகியவற்றுக்கு மாறச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். அவை எல்லாவற்றிலும் லாக்டோஸ் ஏறக்குறைய அதே அளவுதான். நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. பனீரில் மிகக் குறைவு, லாக்டோஸ் வடிநீரோடு போய்விடுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

நான் சொன்னதை அப்படியே நம்பாமல் உங்கள் வயிற்றையே கேட்டுவிடுங்கள். இரண்டு வாரம் இரவுப் பால், பாயசம், பால் இனிப்பு, ஐஸ்கிரீம் ஆகியவற்றை நிறுத்துங்கள். காபியும் தயிரும் தொந்தரவு தராததால் அப்படியே தொடரட்டும். உப்புசம் முற்றிலும் நின்றால், ஒரு விடுமுறை நாள் காலையில் வெறும் வயிற்றில் சாதாரணப் பால் 300 மில்லி குடியுங்கள். முந்தைய இரவு கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் வேண்டாம். அவையும் பெருங்குடலில் வாயு உண்டாக்கிச் சோதனையைக் குழப்பிவிடும். அடுத்த விடுமுறை நாளில் அதே அளவு லாக்டோஸ் இல்லாத பால். எந்த நாளில் எந்தப் பால் என்பதை மகன் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் இன்னும் நல்லது. இனிப்பு காட்டிக்கொடுக்காமல் இருக்க, சாதாரணப் பாலில் அன்றைக்கு மட்டும் ஒரு சிறு கரண்டி சர்க்கரை சேர்த்துக் கொடுக்கட்டும். நான்கு மணி நேரம் என்ன நடக்கிறது என்று நேரத்தோடு எழுதிவையுங்கள்.

சாதாரணப் பால் வயிற்றை ஊதவைத்து மற்றது ஒன்றும் செய்யாவிட்டால் காரணம் லாக்டோஸ்தான். இரண்டுமே ஊதவைத்தால் லாக்டோஸைக் குற்றம் சொல்ல முடியாது. உணர்ச்சி மிகுந்த குடலோ வேறு காரணமோ இருக்கலாம், நேரில் பார்க்க வேண்டும். நிறுத்தியும் உப்புசம் தொடர்ந்தாலும் அப்படியே. மருந்துகளையும் யோசியுங்கள். எல்லைக்கோட்டுச் சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் தொடங்கியிருக்கிறீர்களா? எலும்புக்கென்று கால்சியம் கார்பனேட் மாத்திரை எடுக்கிறீர்களா? முதலாவது வயிற்றுப்போக்கும் உப்புசமும் தரும், இரண்டாவது உப்புசம் தரும். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை பெரிய ஊர்களில் உண்டு. குடிக்கக் கொடுக்கும் லாக்டோஸ் வழக்கமாக 25 அல்லது 50 கிராம், அதாவது அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் பாலில் இருப்பது. அவ்வளவையும் உங்கள் குடல் செரிக்கவில்லை என்று முடிவு வந்தால், காபியையும் விட வேண்டும் என்று அதற்குப் பொருள் அல்ல. வீட்டுச் சோதனை தெளிவாக இருந்தால் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

எலும்புக்கு

உங்கள் வயதில் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு 1200. பாலிலும் தயிரிலும் 100-க்குச் சுமார் 120 மில்லிகிராம் உண்டு. மதியமும் இரவும் ஒவ்வொரு கிண்ணம் தயிர், மொத்தம் 300 கிராம் என்றால் 360. இரண்டு காபியில் 190. 50 கிராம் கேழ்வரகு மாவில் ஒரு வேளைக் கூழோ தோசையோ என்றால் 180. லாக்டோஸ் இல்லாத பால் 200 மில்லியில் 240. கூட்டினால் 970. வாரத்தில் சில நாள் எள்ளுப் பொடியோ முள்ளோடு சாப்பிடும் சிறு மீனோ சேர்த்தால் மிச்சமும் நிரம்பிவிடும். அந்தப் பால் விலை அதிகம் என்று தோன்றினால் சாதாரணப் பாலையே 100 மில்லி, 100 மில்லியாகப் பிரித்து உணவோடு குடியுங்கள். அதிலும் கணக்கு நிறையும்.

முகாம்களில் பெரும்பாலும் குதிகாலில் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அது முடிவான பரிசோதனை அல்ல. இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தியை டெக்சா ஸ்கேனில் பார்த்து, இரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் பார்த்த பிறகே எலும்பைப் பற்றிச் சொல்ல முடியும்.

கடைசியாக, இவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்ன சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்: மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய். உங்கள் இரவுத் தொந்தரவு பால் குடிக்காத நாளிலும் வருகிறது என்றாலும் அப்படித்தான். இந்த வாரமே ஒரு குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது எழுதிவைத்த குறிப்பையும் அந்த டம்ளரையும் எடுத்துச் செல்லுங்கள்.